தலையும் தலைப்பும்

ஒரு பத்திரிகையின் அட்டையில் மூன்று தரப்புகள் இடத்துக்காக மோதிக்கொள்கின்றன. ஒன்று இதழின் பெயர். இரண்டாவது அட்டையில் வரும் முகம். மூன்றாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று கூவும் அட்டை வரிகள். இந்த மூன்றில் எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் போகிறது, எது எதை மறைக்கிறது என்பதை நாம் 'லே-அவுட்' என்று சொல்லி ஆர்ட்டிஸ்டிடம் தள்ளிவிட்டுக் கட்டுரைகளைப் படிக்கப் போய்விடுகிறோம். ஆனால் அட்டையும் ஒரு பிரதிதான். அதிலும் முகத்தின் உச்சந்தலை இதழின் பெயரை மறைத்துக்கொண்டு நிற்கிற அட்டை, நிறையப் பேசுகிற பிரதி. பெயர் பின்னால், தலை முன்னால். இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குள் யாருடைய அதிகாரம் செயல்படுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் உத்தியைப் பார்த்துவிடலாம். தாள் தட்டையானது. அதில் ஆழம் கிடையாது. பெயரைப் படத்தின்மேல் அச்சடித்தால் பெயர் முன்னாலும் முகம் பின்னாலும் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். தலையின் ஒரு பகுதியை மட்டும் எழுத்துகளுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டால் தாளுக்குள் திடீரென்று ஒரு அறை திறந்துகொள்கிறது: கடைசியில் சுவர், சுவரில் பெயர், பெயருக்கு முன்னால் ஆள். ஆள் நம்மை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தமாதிரி இருக்கும். இதற்காக முழுப் படத்தையும் வெட்ட வேண்டியதில்லை. அடியில் முழுப் படம், அதன்மேல் பெயர், அதற்கும் மேலே உச்சந்தலையின் பிரதி மட்டும் — பெயரோடு மோதுகிற அந்தத் துண்டு. அதாவது ஒரே தலை இரண்டு முறை வைக்கப்படுகிறது, நடுவில் பெயர் சிக்கிக்கொள்கிறது. ஃபோட்டோஷாப்பில் 'லேயர்' என்ற வசதி வந்தது 1994இல், அதன் மூன்றாம் பதிப்பில். அதற்கு முன்பே பிளேடால் மாஸ்க் வெட்டி, ஃபிலிம்மேல் ஃபிலிம் வைத்து இதைச் செய்துகொண்டிருந்தார்கள். எனவே இது கணினி கொண்டுவந்த மோஸ்தர் அல்ல.

பெயரை மறைத்தால் நஷ்டம்தானே, ஏன் மறைக்கிறார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பெயரின் பாதியை மறைக்கிற பத்திரிகை வாசகனிடம் ஒன்று சொல்கிறது: 'என் பெயர் உனக்கு ஏற்கெனவே தெரியும். பாதியைக் காட்டினால் போதும், மீதியை நீயே போட்டுக்கொள்வாய்.' இது அடக்கம் மாதிரித் தெரிகிற கர்வம். விருந்தாளிக்கு நாற்காலியை விட்டுக்கொடுக்கிற வீட்டுக்காரர் வீடு தன்னுடையது என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறார், இல்லையா? 1936இல் புகைப்பட வார இதழாகத் தொடங்கிய அமெரிக்க 'லைஃப்' இந்த விளையாட்டுக்குப் பொதுவாக வரவில்லை. அதன் பெயர் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்தில் இருந்தது. படத்தின்மேல் குத்திய முத்திரை அது. முகம் எவ்வளவு பெரிதானாலும் முத்திரைக்குக் கீழேதான். 1923இல் தொடங்கிய 'டைம்' வேறு வழியில் போயிற்று. 1927இல் அட்டையைச் சுற்றிச் சிவப்புக் கரை வந்தது. கரை வந்தபிறகு பெயரின் வேலை பாதி குறைந்துவிட்டது. தொலைவிலிருந்து பார்க்கிறவனுக்குக் கரையே பெயர். அதனால் எழுத்துகளைத் தலைக்குப் பின்னால் தள்ள 'டைம்' பயப்படவேண்டியிருக்கவில்லை.

பயப்படாததற்கு ஒரு விலை இருந்தது. கொம்பு.

'டைம்' ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. மூன்றாவது எழுத்து 'எம்'. இரண்டு செங்குத்துக் கால்கள், நடுவில் ஒரு பள்ளம். அட்டையின் நடுவில், அல்லது சற்று வலப்பக்கமாக, தலை வந்தால் உச்சி இந்த எழுத்துக்கு அடியில் வந்து முட்டும். கொஞ்சமாக முட்டினால் எழுத்து எழுத்தாகவே தெரியும். முழுதாக ஏறிவிட்டால் எழுத்தே காணாமல் போகும். இரண்டுக்கும் நடுவில், பள்ளத்தை மறைத்துக் கால்களின் இரு முனைகளை மட்டும் விட்டுவைக்கிற அளவு ஒன்று இருக்கிறது. அந்த அளவில் நின்றால் தலையிலிருந்து இரண்டு கொம்பு முளைத்துவிடும். 2013இல் போப் ஃபிரான்சிஸ் வந்தபோது கொம்பு என்றார்கள். 2015 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் நிழலுருவம் வந்தபோது பெரிய பேச்சாயிற்று. அப்போது 'டைம்' தன் பழைய அட்டைகளிலிருந்து கொம்பு முளைத்தவர்களின் நீளமான பட்டியல் ஒன்றைத் தானே வெளியிட்டு, எழுத்தின் வடிவமும் அது இருக்கிற இடமும்தான் காரணம் என்றது. 2016இல் டொனால்ட் ட்ரம்ப் வந்தபோதும் அதே பேச்சு.

இந்தச் சர்ச்சையில் இரு தரப்பும் சொல்வது பாதிதான். 'வேண்டுமென்றே சாத்தானாக்கினார்கள்' என்பவர்கள் எழுத்தின் ஜியோமிதியைப் பார்ப்பதில்லை. போப்பிலிருந்து ட்ரம்ப் வரை எல்லோருக்கும் முளைக்கிற கொம்பு ஒருவர்மீதான தாக்குதலாக இருக்க முடியாது. 'வெறும் தற்செயல்' என்பவர்களும் சும்மா இருந்துவிட முடியாது. தலையை அரை அங்குலம் நகர்த்தினால் கொம்பு போய்விடும் என்பது அட்டை செய்கிற எவருக்கும் தெரியும். ஒருமுறை நடந்தால் தற்செயல். பட்டியல் போடுகிற அளவுக்கு நடந்தபிறகு, அதை நகர்த்தாமல் விடுவது ஒரு முடிவு. நோக்கம் இல்லாத இடத்திலும் அர்த்தம் உற்பத்தியாகிறது, அதற்குப் பொறுப்பும் உண்டு என்பதை நம்முடைய கோட்பாட்டுக் கட்டுரைகள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. இங்கே அது ஒரே ஒரு எழுத்தின் இரண்டு முனைகளில் நிற்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். ஆங்கில அட்டையைப் பார்த்து நாமும் தலையைத் தூக்கிப் பெயர்மேல் போடுகிறோம். அங்கே சரிப்பட்டது இங்கே சரிப்படுமா? வாசிப்பின் உளவியலை ஆராய்ந்த எட்மண்ட் ஹ்யூயி 1908இல் வந்த தன் நூலில் ஒரு விஷயத்தைக் கவனப்படுத்தினார். ஆங்கில வரியின் கீழ்ப்பாதியை மூடினால் படிக்க முடிகிறது, மேல்பாதியை மூடினால் தடுமாறுகிறோம். அந்த எழுத்துகளின் அடையாளம் பெரும்பாலும் மேல்பாதியில் இருக்கிறது. தலை கீழிருந்து மேலே வருவது. அது மறைப்பது கீழ்ப்பாதியை. ஆகவே ஆங்கிலத்தில் இந்த உத்தியின் நஷ்டம் குறைவு.

தமிழில் கதை வேறு. ஒரு தாளில் 'ம', 'மு', 'ழ' மூன்றையும் பெரிதாக எழுதி, கீழ்ப்பாதியை அட்டையால் மூடிப் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். 'ப'வுக்கும் 'பு'வுக்கும் வித்தியாசம் கீழே இறங்குகிற கோட்டில். 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் அடியில் இருக்கிற சின்ன வாலில் — அதைத் தலைமுடி தின்றுவிட்டால் ரகரம் காலாகிவிடும். நம் உகர ஊகாரங்கள் பெரும்பாலும் அடிவாரத்தில் குடியிருக்கின்றன. சரி, மேல்பாதியாவது பத்திரமா என்றால் புள்ளியும் இகரக் கொக்கியும் அங்கே இருக்கின்றன. ஆக, தமிழ் எழுத்து மேலும் கீழும் பேசுகிறது. அதன் கீழ்ப்பாதியை மறைப்பது ஆங்கிலத்தில் மறைப்பதற்குச் சமமல்ல. உத்தியை இறக்குமதி செய்யும்போது இந்தக் கணக்கை நாம் செய்வதில்லை.

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 'மரம்' என்ற பெயரில் ஒரு சிற்றிதழ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு அங்குல உயரம், எட்டரை அங்குல அகலம். காவலில் இறந்துபோன ஒரு இளைஞனைப் பற்றிய இதழ். அவனுடைய படமாகக் குடும்பத்திடம் இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர், ஸ்டூடியோவின் நீலத் திரை, நேர்ப்பார்வை. பெயரெழுத்து மேலிருந்து அரை அங்குலத்தில் தொடங்கி ஒன்றரை அங்குல உயரம். அதாவது எழுத்தின் அடி இரண்டாவது அங்குலத்தில் முடிகிறது.

பழக்கதோஷத்தில் தலையை நடுவில் வைப்போம். நடுவில் இருப்பது 'ர'. தலை கொஞ்சம் ஏறினால் ரகரத்தின் வால் போய் 'மாம்' என்று நிற்கும். நன்றாக ஏறினால் நடு எழுத்தே போய், இடப்பக்கம் ஒரு 'ம', வலப்பக்கம் ஒரு 'ம்'. நடுவில் என்ன என்று வாசகன் நிரப்பிக்கொள்ள வேண்டும். மனம்? மணம்? மதம்? 'டைம்' வாசகனுக்கு நிரப்புவதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் மனதில் இருக்கிறது. முந்நூறு பிரதி அடிக்கிற நம் இதழை முதன்முதலாகப் பார்க்கிறவனுக்கு அது இல்லை. மரம் மதமாவது சாதாரணத் தவறு இல்லையே!

வலப்பக்கம் நகர்த்தினால்? கடைசி 'ம்' மறைகிறது, ஆனால் அதன் புள்ளி தலைக்கு மேலே தனியாக நிற்கும். இறந்தவனின் உச்சிக்கு மேலே ஒரு குமிழி. இதுதான் தமிழின் கொம்பு. 'எம்' எழுத்து அவர்களுக்குச் செய்ததைப் புள்ளி நமக்குச் செய்கிறது.

மிச்சம் இருப்பது இடப்பக்கம். முதல் 'ம'வின் அடியில் தலை வரட்டும். கீழ்ப்பகுதி மறைந்தால் அது 'ழ'வாகவோ 'மு'வாகவோ தோன்றலாம் என்று பார்த்தோம். ஆனால் ழகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. 'முரம்' என்று நமக்குப் பழகிய சொல் கிடையாது, முறம்தான் உண்டு, அதற்கு வல்லின றகரம். மொழியின் இலக்கணமே இங்கே பெயரைக் காப்பாற்றுகிறது. மேலும் ஒரு லாபம் உண்டு. தலை இடப்பக்கம் போனதால் வலப்பக்கம் ஏறக்குறைய நான்கு அங்குல அகலத்துக்கு ஒரு பத்தி காலியாகிறது. அட்டை வரிகள் அங்கே உட்காரும். முகத்தின்மேல் எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

அளவு எவ்வளவு? தாடையிலிருந்து உச்சிவரை நான்கேகால் அங்குலம் என்று வைத்தால் தலையின் அகலம் மூன்று அங்குலத்தை ஒட்டி வரும். உச்சியை மேலிருந்து ஒன்றரை அங்குலத்தில் நிறுத்தினால் எழுத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு — அரை அங்குலம் — மறையும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலை உருண்டை. அது அரை அங்குலம் ஏறும்போது எழுத்தின் அடியில் இரண்டேகால் அங்குல அகலத்தை மூடிவிடுகிறது. முதல் 'ம'வின் அகலம் இரண்டே முக்கால் அங்குலம் என்றால் அதற்குள்ளேயே அடங்கிவிடும், ரகரத்தைத் தொடாது. இன்னும் அரை அங்குலம் ஏற்றினால் பக்கத்து எழுத்தை எட்டிப்பிடித்துவிடும். மூன்றில் ஒரு பங்கு என்பது அழகியல் சட்டம் ஒன்றும் இல்லை. இந்தப் பெயருக்கு, இந்த எழுத்துருவுக்கு, இந்தத் தலைக்கு வருகிற கணக்கு. உங்கள் பெயருக்கு நீங்கள்தான் போட்டுப் பார்க்கவேண்டும்.

அடுத்த சிக்கல், படத்தில் தலைக்குமேல் இடமே இல்லை. பாஸ்போர்ட் போட்டோவில் உச்சிக்குமேல் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் விடுவார்கள். மூன்றேகால் மடங்கு பெரிதாக்கினாலும் அரை அங்குலம்தான் தேறும். நமக்கு வேண்டியது ஒன்றரை அங்குலம், வெட்டுக்குப் போகிற எட்டில் ஒரு அங்குல ப்ளீட் தனி. எனவே பின்னணியை நீட்டியாக வேண்டும். நீலத் திரையின் மேல்விளிம்பை இழுத்து நீட்டலாம். அல்லது தலையை முழுதாக வெட்டி எடுத்து வேறு நிறத்தில் வைக்கலாம். இரண்டாவது சுலபம், பளிச்சென்றும் இருக்கும். நான் முதலாவதைத்தான் சொல்வேன். அந்த நீலத் திரை ஒரு ஆவணம். ஏதோ ஒரு வேலைக்கு மனுப்போட, ஏதோ ஒரு ஊர் ஸ்டூடியோவில் போய் அவன் உட்கார்ந்த இடம் அது. அதிலிருந்து அவனைப் பிடுங்கி அந்தரத்தில் நிறுத்தினால் கட்-அவுட் ஆகிவிடும். கட்-அவுட் அரசியல் என்னவென்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்கேன் செய்யும்போது ஆயிரத்து இருநூறு டிபிஐ வைத்தால் பெரிதாக்கியபின் முந்நூறுக்குமேல் மிஞ்சும், அச்சுக்குப் போதும். செய்தித்தாளில் வந்த படத்திலிருந்து எடுத்தால் பழைய அச்சுப் புள்ளியும் புதிய அச்சுப் புள்ளியும் மோதிக் கோலம் மாதிரி அலை எழும். ஒரிஜினல் போட்டோவைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை. முகம் வலப்பக்கம் பார்த்தால் நன்றாக இருக்குமே என்று படத்தைப் புரட்டிப்போடுகிறவர்கள் உண்டு. வகிடு மாறும், மச்சம் மாறும். வாசகனுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

முடியில்தான் பெரும்பாலான அட்டைகள் தோற்கின்றன. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையைப் 'பென் டூல்' வைத்துக் கோடு இழுத்து வெட்டிவிடலாம். சுருட்டை முடியோ கலைந்த முடியோ அப்படி வெட்டினால் ஹெல்மெட் போட்டதுபோல ஆகும். முடிக்கு மாஸ்க் போட்டு, இழை இழையாக விளிம்பைத் தேற்ற வேண்டும். விளிம்பில் பழைய பின்னணியின் வெளிர் நிறம் ஒட்டிக்கொண்டிருந்தால் எழுத்தின்மேல் அது ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். கவனிக்க: இந்த உத்திக்கு வசதியாக இருப்பது ஸ்டூடியோ வெளிச்சத்தில், வெளிர்ப் பின்னணியில், வாரிய தலையோடு வருகிறவர்கள். கருத்த சுருட்டை முடி இருண்ட பின்னணியில் இருந்தால் 'வெட்ட வராது' என்று ஆர்ட்டிஸ்ட் கைவிரிப்பார், அல்லது முடியை வழித்துவிடுவார். எந்தத் தலை பெயரைத் தாண்டி வரலாம் என்பதை ஆசிரியர் குழு மட்டும் தீர்மானிக்கவில்லை, கருவியும் தீர்மானிக்கிறது. வேலை அதிகம் என்பதற்காக ஒருவனுடைய முடியை மாற்றுவது, சின்னதாக இருந்தாலும், ஒரு வன்முறைதான்.

இது மிகையாகத் தெரிந்தால் 1994 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். கறுப்பின அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் கைதானபோது போலீஸ் எடுத்த ஒரே படத்தை 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டும் ஒரே வாரத்தில் அட்டையில் போட்டன. 'நியூஸ்வீக்' படத்தை அப்படியே போட்டது. 'டைம்' அட்டைக்காக ஓவியர் மேட் மஹுரின் படத்தை இருட்டாக்கினார், கைதி எண்ணைச் சிறிதாக்கினார். கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியதால்தான் வேலை தெரிந்தது. தோலைக் கறுப்பாக்கிக் குற்றத்தை ஏற்றினார்கள் என்று கண்டனம் எழுந்தது. ஆசிரியர் அடுத்த இதழில் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. விசாரணை தொடங்கும் முன்பே அட்டை தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒரு போட்டோ அட்டையாவதற்கு நடுவில் வெளிச்சம், வெட்டு, இடம் என்று எத்தனையோ கை மாறுகிறது. ஒவ்வொரு கையும் அழகுக்காகத்தான் என்று சொல்லும்.

அட்டை வரிகளைப் பற்றி ஒன்றே ஒன்று. வலப்பக்கத்துப் பத்தி காலியாக இருக்கிறது என்பதற்காக ஏழெட்டு வரி திணிக்கக் கூடாது. இரண்டு, மிஞ்சினால் மூன்று. இருட்டான இடத்தில் வெள்ளை எழுத்துப் போடும்போது தமிழின் சுழிகள்தான் முதலில் அடைபடும். நான்கு நிறத்தில் ஒரு பிளேட் இம்மி நகர்ந்தாலும் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். தடித்த எழுத்தாக, பெரிதாகப் போடுங்கள். முகத்துக்கு நேராக 'யார் குற்றவாளி?' மாதிரிக் கேள்வி வரியை வைக்காதீர்கள். அட்டையில் ஒரு முகத்துக்குப் பக்கத்தில் வருகிற சொல் அந்த முகத்துக்குப் பெயராகிவிடும். கொன்றவனைக் கேட்கிற கேள்வி செத்தவன் கழுத்தில் பலகையாகத் தொங்கும்.

ஆகவே தலை பெயரை மறைக்கலாமா? மறைக்கலாம். ஆனால் காரணம் தெரிந்து மறைக்க வேண்டும். பெரிய பத்திரிகை தன் பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பதற்காக மறைக்கிறது. நாம் மறைப்பதென்றால் வேறொன்றுக்காக மட்டுமே மறைக்க முடியும்: எங்கள் பெயரைவிட இந்த மனிதன் முன்னால் நிற்க வேண்டியவன் என்பதற்காக. அப்படி விட்டுக்கொடுக்கும்போது பெயர் உண்மையிலேயே கொஞ்சம் இழக்கிறது, அந்த இழப்புக்கு அர்த்தம் இருக்கிறது. மாதாமாதம், யார் வந்தாலும், எழுத்தாளரோ அமைச்சரோ, தலையைத் தூக்கிப் பெயர்மேல் போடுகிற இதழில் அந்த அர்த்தம் செத்துப்போகிறது. அப்போது மிஞ்சுவது ஆழம் இருப்பதுபோன்ற ஒரு பாவனை.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை போதும். அட்டையை உள்ளங்கை அளவுக்கு பிரிண்ட் எடுத்து, இதழின் பெயரைக் கேள்விப்படாத ஒருவரிடம் ஆறடி தள்ளி நின்று காட்டுங்கள். பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, இவர் யார் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பெயரைத் தப்பாகப் படித்தால் தலையை இறக்க வேண்டும். ஆளைத் தப்பாகப் படித்தால் அட்டையையே மாற்ற வேண்டும்.